அதிர்ச்சித் தலைப்பு வந்திருக்கா? ஷேர் பண்றதுக்கு முன்னாடி அதோட வீட்டைத் தேடுங்க!

2015 மே 31. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் முன்னாள் துணைத் தலைவர் ஜாக் வார்னர், தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு வீடியோ போடுகிறார். நான்கு நாள்களுக்கு முன்புதான் அமெரிக்க நீதித்துறை அவர் உட்பட 14 பேர் மீது ஊழல் வழக்கு தொடுத்திருந்தது. 'என்மேல் தப்பே இல்லை, இது அமெரிக்காவின் பழிவாங்கல்' என்று சொல்ல வந்தவர், ஆதாரமாகக் கையில் ஒரு பிரின்ட் அவுட்டைத் தூக்கிக் காட்டினார். அதிலிருந்த செய்தியின் சாரம் இதுதான்: 'அமெரிக்காவில் 2015 கோடைக்கால உலகக் கோப்பையை அவசர அவசரமாக அறிவித்தது ஃபிஃபா!' ஃபிஃபா அவ்வளவு மோசம் என்றால், அதன் உலகக் கோப்பையை நடத்த அமெரிக்கா ஏன் ஆசைப்படுகிறது என்பது அவர் கேள்வி.

அந்தச் செய்தி வந்த இடம் 'தி ஆனியன்'. 1988-ல் அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய பத்திரிகை. அதில் வருவது அத்தனையும் நையாண்டி. சமூக வலைதளங்களில் சிரிப்புச் சத்தம் கிளம்பியதும் அந்த வீடியோ இறக்கப்பட்டது.

'இவ்ளோ வெள்ளந்தியா ஒருத்தர் இருப்பாரா?'ன்னு உங்களுக்குத் தோணும். ஆனால், அவர் கால்பந்து தெரியாதவர் இல்லை. ஃபிஃபாவுக்குள்ளேயே பல வருடம் இருந்தவர். உலகக் கோப்பை நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், முந்தைய வருடம்தான் பிரேசிலில் முடிந்தது, அடுத்தது 2018-ல் ரஷ்யாவில் என்பதெல்லாம் நம் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியும் ஏமாந்தார். காரணம், அந்தத் தலைப்பு அவர் ஏற்கெனவே சொல்ல நினைத்த வாதத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நையாண்டிச் செய்திகள் நம்மை ஏமாற்றும் இடம் பெரும்பாலும் இதுதான். அறிவு குறைவாக இருக்கும் இடத்தைவிட, ஆசையோ கோபமோ அதிகமாக இருக்கும் இடத்தில்தான் அவை உள்ளே நுழைகின்றன.

கடைசி வரியில் இருக்கும் வாக்குமூலம்

அந்த ஆனியன் கட்டுரையைக் கடைசிவரை வாசித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். போட்டி அன்று மதியமே தொடங்குகிறது என்றது அது. ஓர் உலகக் கோப்பையை அறிவித்த அன்றே யாராவது நடத்த முடியுமா? இறுதி வரி இன்னும் மேலே போனது. முதல் போட்டியில் நடப்பு சாம்பியன் ஜெர்மனியை எதிர்த்து அமெரிக்கா முன்னிலையில் இருக்கிறதாம். அதுவும் எப்படி? முதல் மூன்று நிமிடத்திலேயே அமெரிக்காவுக்கு 12 பெனால்டி கொடுக்கப்பட்டதால்!

நையாண்டிச் செய்தி எழுதுபவர்கள் பொதுவாக இப்படித்தான் கட்டுவார்கள். தலைப்பும் முதல் பத்தியும் அசல் செய்தி மாதிரியே இருக்கும். ஊர்ப் பெயர், தேதி, 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி', மேற்கோள் குறிக்குள் பேட்டி எல்லாம் ஒழுங்காக வரிசையில் வரும். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓவராகப் போய், கடைசியில் யாருமே நம்ப முடியாத ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். 'நான் ஜோக்குதான் சொன்னேன்' என்ற வாக்குமூலம் அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கும். மிச்ச வாக்குமூலம் தளத்தின் வேறு மூலைகளில் இருக்கும். `About Us` பக்கம், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் டிஸ்க்ளெய்மர், எழுதியவர் பெயரில் இருக்கும் கிண்டல், பக்கத்திலேயே வரிசையாக நிற்கும் மற்ற தலைப்புகள். இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஜோக்கின் வீடு.

இப்போ உங்கள் போனுக்கு எது வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். யாரோ தலைப்பை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தளத்தின் பெயர் இருக்கும் மேல் பகுதியை வெட்டி, 'என்னடா நடக்குது இங்க' என்று ஒரு வரி சேர்த்து ஃபேமிலி குரூப்பில் தட்டிவிடுகிறார்கள். கடைசிப் பத்தி வரவில்லை. டிஸ்க்ளெய்மர் வரவில்லை. பக்கத்துத் தலைப்புகள் வரவில்லை. ஜோக் தன் வீட்டை விட்டுத் தனியாகத் தெருவுக்கு வந்துவிட்டது. அதனால் ஸ்கிரீன்ஷாட்டையே உற்றுப் பார்த்து 'உண்மையா, பொய்யா' என்று கண்டுபிடிக்க முயல்வதில் பலனில்லை. அது எங்கிருந்து கிளம்பியதோ, அங்கே போய்ப் பார்ப்பதுதான் வேலை.

'நம்பவே முடியலையே' என்பது சோதனை ஆகாது

'ரொம்ப அபத்தமா இருந்தா அது நையாண்டிதான், இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?' என்று நீங்கள் கேட்கலாம். இந்தத் தலைப்பைப் பாருங்கள்: 'நீர்ப்பாசனத் துறை அதிகாரிகள்போல வந்து 60 அடி நீள இரும்புப் பாலத்தையே திருடிச் சென்ற கும்பல்.' அசல் நையாண்டித் தலைப்பு மாதிரிதானே இருக்கிறது? ஆனால், 2022 ஏப்ரலில் பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்தில் உண்மையாகவே வெளிச்சத்துக்கு வந்த சம்பவம் இது. கேஸ் கட்டர், ஜேசிபி சகிதம் பட்டப்பகலில் வந்து, மூன்று நாள் வேலை பார்த்து, பழைய பாலத்தை அறுத்து எடுத்துப் போனார்கள். ஊர்க்காரர்கள் அதை அரசு வேலை என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அதே பீகாரில் 2017-ல், பறிமுதல் செய்யப்பட்டு போலீஸ் வசம் இருந்த லட்சக்கணக்கான லிட்டர் மதுவை எலிகள் குடித்துவிட்டதாகப் போலீஸ் தரப்பில் சொன்னதும் நிஜச் செய்திதான்.

ஆக, அபத்தமாக இருப்பதால் ஒன்று பொய்யாகிவிடாது. நம்பும்படி இருப்பதால் உண்மையாகிவிடவும் செய்யாது. நம் உள்ளுணர்வு சொல்வது 'இதைக் கொஞ்சம் பாரு' என்பதை மட்டும்தான். தீர்ப்பை அதனிடம் விட்டுவிடக் கூடாது.

வீட்டைத் தேடுவது எப்படி?

முதலில் தலைப்பு. அது ஆங்கிலத்தில் இருந்தால், அதிலிருந்து தொடர்ச்சியாக ஆறேழு வார்த்தைகளை எடுத்து இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். மேற்கோள் குறி போட்டால் அதே வார்த்தைகள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். தமிழில் இருந்தால் அது மொழிபெயர்ப்பாகவும் இருக்கலாம். அப்போது அதிலிருக்கும் ஆள் பெயர், ஊர் பெயர், விசித்திரமான ஒரு வார்த்தை என்று மூன்றை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். வெறும் படமாக வந்தால் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே படம் வெட்டப்படாமல், தளத்தின் பெயரோடு எங்காவது இருக்கும்.

தளம் கிடைத்ததும் தலைப்பை மறுபடி வாசிக்க வேண்டாம். நேராகக் கடைசிப் பத்திக்குப் போங்கள். பிறகு முகப்புப் பக்கம் போய் வேறு ஐந்து தலைப்புகளைப் பாருங்கள். ஒரே ஒரு தலைப்பு நம்மை ஏமாற்றிவிடலாம். ஆறு தலைப்புகள் வரிசையாக நின்றால் தளத்தின் சுபாவம் தெரிந்துவிடும். தி ஆனியன் ஆகட்டும், நம்ம ஊர் 'ஃபேக்கிங் நியூஸ்', 'தி ஃபாக்ஸி' ஆகட்டும், ஐந்து தலைப்புக்கு மேல் உங்களால் அதைச் செய்தித்தளம் என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் `About Us` பக்கம் இருக்கவே இருக்கிறது.

அடுத்தது, 'வேற யார் போட்டிருக்காங்க?' என்ற கேள்வி. இங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. 2012 நவம்பரில் தி ஆனியன், வட கொரியாவின் கிம் ஜாங் உன்னை 'உயிரோடிருப்பவர்களிலேயே கவர்ச்சியான ஆண்' என்று கிண்டலாகத் தேர்ந்தெடுத்தது. சீன அரசுத் தரப்பு நாளிதழான 'பீப்பிள்ஸ் டெய்லி'யின் இணையதளம் அதை அப்படியே நம்பி, 55 படங்களோடு ஒரு போட்டோ தொகுப்பையே வெளியிட்டது. அன்று ஒருவர் தேடியிருந்தால் 'பெரிய பத்திரிகையே போட்டிருக்கே' என்றுதான் நினைத்திருப்பார்.

எனவே எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, அவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள். பத்துத் தளங்களும் ஒரே நையாண்டித் தளத்தைக் கை காட்டினால், அது பத்து செய்தி இல்லை. ஒரே ஜோக்கின் பத்து ஜெராக்ஸ். ஒரு நிருபர் தனியாக யாரிடமாவது பேசியிருக்கிறாரா, சம்பந்தப்பட்ட துறையின் அறிவிப்பு இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பீகார் பாலத் திருட்டில் அது இருந்தது. போலீஸ் வழக்கு, கைதானவர்கள், பாலம் இருந்த இடத்தின் படங்கள் என வெவ்வேறு நிருபர்கள் வெவ்வேறு விவரங்களைக் கொடுத்திருந்தார்கள்.

நாடாளுமன்றம் வரை போன ஒரு நையாண்டி

பிரபலங்கள் 'சொன்னதாக' வரும் தலைப்புகள் இருப்பதிலேயே கஷ்டமான ரகம். அங்கே அபத்தம் கம்மியாக இருக்கும். அவர் நிஜமாகவே பேசக்கூடிய தொனியிலேயே இருக்கும்.

2020 பிப்ரவரி 6 அன்று மக்களவையில், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது பிரதமர் மோடி பதிலளித்துப் பேசினார். அதில், சட்டப்பிரிவு 370-ஐ நீக்கினால் பெரிய நிலநடுக்கம் வந்து காஷ்மீர் இந்தியாவிலிருந்து பிரிந்துவிடும் என்று ஒமர் அப்துல்லா சொன்னதாகக் குறிப்பிட்டார். செய்திகளைச் சரிபார்க்கும் 'ஆல்ட் நியூஸ்' தளம் அந்த வாசகத்தைத் தேடிப் போனது. கிடைத்த இடம், 2014 மே 28 தேதியிட்ட ஒரு ஃபேக்கிங் நியூஸ் கட்டுரை. நையாண்டி!

இது எப்படி நடந்திருக்கும் என்று புரிய, அதற்கு முந்தைய நாளுக்குப் போக வேண்டும். 2014 மே 27 அன்று ஒமர் அப்துல்லா நிஜமாகவே ஒரு ட்வீட் போட்டிருந்தார். மோடி அரசு பழைய ஞாபகமாகிப்போன பிறகும், ஒன்று சட்டப்பிரிவு 370 இருக்கும், இல்லையென்றால் ஜம்மு காஷ்மீர் இந்தியாவின் பகுதியாக இருக்காது என்ற பொருளில் எழுதியிருந்தார். நையாண்டிக்காரர் அந்த நிஜக் கருத்தை எடுத்து, மேலே ஒரு நிலநடுக்கத்தைச் சேர்த்துவிட்டார். அன்று வாசித்தவர்களுக்கு அசலும் கிண்டலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, சிரித்துவிட்டுப் போனார்கள். ஐந்தரை வருடம் கழித்து அந்த ட்வீட் பலருக்கும் மறந்துவிட்டது, தளத்தின் பெயர் உதிர்ந்துவிட்டது. மேற்கோள் மட்டும் மிஞ்சியது.

இதை நம் போனிலேயே எப்படிப் பிடிப்பது? ஒரு பொது மனிதர் சொன்னதாக ஒரு வாசகம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியில் சொன்னார்? எங்கே சொன்னார், பேட்டியா, மேடையா, ட்வீட்டா? யார் காதால் கேட்டு எழுதினார்கள்? அவ்வளவு பரபரப்பான வாசகத்தை ஒரு முன்னணித் தலைவர் சொல்லியிருந்தால், அன்றே எதிர்க்கட்சிக்காரர் யாராவது பதில் சொல்லியிருப்பார். அவருடைய கட்சியே விளக்கம் கொடுத்திருக்கும். அந்த வாரச் செய்திகளில் அதன் எதிரொலி இருக்கும். வாசகம் மட்டும் இருந்து எதிரொலி எதுவுமே இல்லை என்றால், அது நிஜமாகச் சொல்லப்பட்டதா என்று சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கிறது.

ஜோக்கர் வேஷமா, போலீஸ் வேஷமா?

இதுவரை பார்த்தது நையாண்டி. நையாண்டி எழுதுபவர் கடைசி வரிக்குள் நீங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் விரும்புவார். நீங்கள் கண்டுபிடிக்கவில்லை என்றால் அவர் ஜோக் தோற்றுவிட்டது. இன்னொரு கூட்டம் இருக்கிறது. நீங்கள் கண்டுபிடிக்கவே கூடாது என்பது அவர்கள் ஆசை. மாட்டிக்கொண்டால் மட்டும் 'அட, நையாண்டிதாங்க' என்பார்கள்.

2016 அமெரிக்கத் தேர்தலின்போது `abcnews.com.co` என்று ஒரு தளம் இருந்தது. டிரம்ப்பை எதிர்த்துப் போராட 3,500 டாலர் கூலி வாங்கியதாக ஒருவர் ஒப்புக்கொண்டார் என்று அதில் ஒரு கட்டுரை. அதை எழுதிய பால் ஹார்னர் தன்னை நையாண்டி எழுத்தாளர் என்றே சொல்லிக்கொண்டார். ஆனால் லோகோ, பெயர் எல்லாமே ஏபிசி நியூஸ் சேனலைப் போலவே இருந்தன. டிரம்ப்பின் மகன் எரிக் டிரம்ப்பும், பிரசார மேலாளராக இருந்த கோரி லெவன்டாவ்ஸ்கியும் அதை உண்மை என்று ட்விட்டரில் பகிர்ந்தார்கள்.

'யுஆர்எல்லைப் பாருங்க' என்று எல்லோரும் சொல்வார்கள். பார்க்கத்தான் வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது என்று வலமிருந்து வாசித்தால், இங்கே `.com`-க்குப் பிறகு ஒரு `.co` ஒட்டியிருப்பது தெரியும். ஆனால், இதில் ஒரு சிக்கல். உண்மையான ஏபிசி நியூஸின் முகவரி அப்போது `abcnews.go.com`. தெரியாதவர் கண்ணுக்கு நிஜமும் போலி மாதிரிதான் இருக்கிறது! அதனால் வந்த லிங்க்கின் அழகைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதை மூடிவிட்டு, அந்த ஊடகத்தின் பெயரை நீங்களே தேடி, அவர்களின் தளத்துக்குள் வாசல் வழியாகப் போய் அந்தச் செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமாகத் தேட, `site:` என்று போட்டு, இடைவெளி விடாமல் அந்த ஊடகத்தின் முகவரியும், பிறகு செய்தியின் முக்கிய வார்த்தையும் கொடுத்தால் போதும்.

நம்ம ஊரில் இந்தப் போலீஸ் வேஷம் வருவது பெரும்பாலும் நியூஸ் கார்டு வழியாகத்தான். பிரபல சேனலின் லோகோ, அதே கலர், ஒரு தலைவரின் படம், அவர் சொல்லாத ஒரு வாசகம். மீம் போடுபவர் ஒருவர் சும்மா கலாய்க்கச் செய்திருக்கலாம், தேர்தல் நேரத்தில் ஒருவர் திட்டம் போட்டே செய்திருக்கலாம். உங்கள் குரூப்புக்கு வரும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இங்கேயும் வீட்டைத் தேடுவதுதான் வழி. கார்டில் உள்ள தேதியைப் பாருங்கள். அந்தச் சேனலின் அதிகாரபூர்வ ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ் பக்கத்தில் அதே தேதிக்கு இறங்குங்கள். அன்று வந்த மற்ற கார்டுகளோடு எழுத்துரு, தேதி எழுதும் முறை, லோகோ இருக்கும் இடம் ஒத்துப்போகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல நேரம் சேனலே அந்தக் கார்டின் மேல் 'போலி' என்று முத்திரை குத்திப் பதிவிட்டிருக்கும். கார்டில் தேதியே இல்லையென்றால் அதுவே ஒரு சமிக்ஞை. சேனல் பதிவிட்டுவிட்டு நீக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், அந்தச் செய்தி அவர்களின் இணையதளத்தில் எழுத்து வடிவில் வந்ததா என்றும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

லேபிள் இருந்தா போதாதா?

நிறுவனங்களும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கின்றன. 2014-லேயே ஃபேஸ்புக், நையாண்டித் தலைப்புகளுக்கு முன்னால் 'சட்டையர்' என்று ஒட்டிப் பார்த்தது. எக்ஸ் தளத்தில் 2025 ஏப்ரல் 10 முதல், பகடிக் கணக்குகள் தங்கள் பெயரின் தொடக்கத்திலேயே 'பேரடி', 'ஃபேக்' போன்ற வார்த்தையைப் போட வேண்டும் என்பது விதி. ஏன் தொடக்கத்தில்? போன் திரையில் நீளமான பெயர்களின் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும். 'பேரடி' என்ற வார்த்தை பின்னால் இருந்தால் யார் கண்ணிலும் படாது.

ஆனால், லேபிள் ஒட்டியிருப்பது அந்தத் தளத்துக்குள் மட்டும்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் லேபிளும் வெட்டுப்பட்டுவிடும். அந்த மாதிரி நேரத்தில் கணக்கின் `@` பெயர் தெரிந்தால் அதைத் தேடி, புரொஃபைலைத் திறந்து, பயோவை வாசியுங்கள். புளூ டிக்கை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அது இப்போது காசு கட்டினால் கிடைக்கும் சந்தா.

கடைசியாக ஒன்று. குரூப்பில் மாமாவோ சித்தியோ ஒரு நையாண்டியைச் செய்தி என்று போட்டுவிட்டால், 'இதெல்லாம் ஃபேக், போடாதீங்க' என்று மட்டும் பதில் போடாதீர்கள். அவர்களுக்குக் கோபம்தான் வரும், அடுத்த முறையும் போடுவார்கள். அந்தக் கட்டுரையின் லிங்க்கையும் கடைசிப் பத்தியின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். மூன்று நிமிடத்தில் 12 பெனால்டி என்பதை வாசித்தால் அவர்களே சிரித்துவிடுவார்கள்.